அந்தப் படங்களை நீக்கிவிடுங்கள்: ஒரு மடலின் கதை



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கடிதம் எழுதக் கற்பிக்கும்போது நான் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. உறவுக் கடிதம் வேறு, அலுவல் கடிதம் வேறு. இரண்டையும் கலந்தால் மதிப்பெண் குறையும் என்பேன். ஆனால், உறவாக இருந்து உறவல்லாமல் போய்விட்ட ஒருவருக்கு எழுதும் கடிதம் எந்த வகையைச் சேரும்? என் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. அந்தக் கேள்வியை அண்மையில் என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் என் முன்னாள் மாணவி ஒருவர்.

கம்போங் மேடானில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு இரண்டு கட்டடம் தள்ளித்தான் அவருடைய பெற்றோரின் வீடு. என்னிடம் படித்த காலத்தில் வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவருடையது. இப்போது இருபத்தெட்டு வயது. ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஆறு மாதத்தில் இரு வீட்டாரும் பேசி அதனை முறித்துக்கொண்டார்கள். யார் மீது தவறு என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத செய்தி. முறிந்தது, அவ்வளவுதான்.

ஆனால், அந்த இளைஞரின் முகநூல் பக்கத்தில் மட்டும் எதுவும் முறியவில்லை. மேலே அட்டைப் படமாக நிச்சயதார்த்தப் படம். கீழே பத்துமலையில் இருவரும் நிற்கும் படம், போர்ட்டிக்சன் கடற்கரையில் எடுத்த படம், பிறந்தநாள் அணிச்சல் வெட்டும் படம். எல்லாம் ஊர் உலகம் பார்க்கும்படி திறந்தே கிடந்தன. அண்மையில் பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பம் வருகையைத் தள்ளிப்போட்டதும்தான் வீட்டில் பேச்சு எழுந்தது. அப்பா, "நான் போய் அவன் வீட்டு வாசலில் நின்று கேட்கிறேன்" என்றாராம். அம்மா, "வேண்டாம், விட்டுவிடு, தானாக மறைந்துவிடும்" என்றாராம். இரண்டுக்கும் நடுவில் தவித்த பெண், கைப்பேசியில் ஒரு மடலைத் தட்டெழுதி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "டீச்சர், கொஞ்சம் திருத்திக் கொடுங்கள்" என்றார். எழுத்துப்பிழை திருத்தத்தான் கேட்கிறார் என்று முதலில் நினைத்துவிட்டேன்!

அந்த மடல் இதுதான். அவருடைய இசைவோடு இங்கே தருகிறேன்.

"இன்னும் எதுக்கு நம்ம படத்தையெல்லாம் வெச்சிருக்க? எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? உனக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா? தயவு செஞ்சு எடுத்துடு. நாளைக்குள்ள எடுக்கலன்னா என்ன நடக்கும்னு பாரு."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அவருடைய வேதனை முழுவதும் இருக்கிறது. ஆயினும், இதை அனுப்பினால் படங்கள் நீங்கா என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கேட்பதற்கு உரிமை உண்டா?

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். படம் எடுத்தபோது இந்தப் பெண் சிரித்துக்கொண்டுதானே நின்றார்? இணையத்தில் ஏற்றியபோது மறுக்கவில்லையே? இப்போது நீக்கச் சொல்வது முறையா?

முறைதான் என்கிறேன். ஆனால், எந்த அளவுக்கு முறை என்பதில் தெளிவு வேண்டும். இதற்கு ஐரோப்பாவில் நடந்த இரண்டு வழக்குகள் நல்ல விளக்கம் தருகின்றன.

ஜெர்மனியில் ஒரு பெண்ணும் ஒரு புகைப்படக் கலைஞரும் உறவில் இருந்தார்கள். அவர் அந்தப் பெண்ணைப் பல படங்கள் எடுத்தார். அவற்றுள் மிக அந்தரங்கமானவையும் இருந்தன. எல்லாம் அவருடைய இசைவோடு எடுத்தவைதாம். உறவு முறிந்ததும், தான் இருக்கும் எல்லாப் படங்களையும் அழித்துவிட வேண்டும் என்று பெண் வழக்குத் தொடுத்தார். நாட்டின் உச்ச நிலையிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2015 அக்டோபர் 13ஆம் நாள் தீர்ப்பளித்தது. அந்தரங்கப் படங்களுக்குக் கொடுத்த இசைவு அந்த உறவு நிலைக்கும் வரைக்குமானது. ஆகவே, அவற்றை அந்த ஆடவர் அழித்துவிட வேண்டும் என்றது. ஆனால், உடை உடுத்தி அன்றாட வாழ்விலும் பயணங்களிலும் எடுத்த சாதாரணப் படங்களை அவர் வைத்துக்கொள்ளலாம் என்றது. கவனியுங்கள்: அது வைத்துக்கொள்வதைப் பற்றிய வழக்கு, ஊருக்குக் காட்டுவதைப் பற்றியதன்று.

ஊருக்குக் காட்டுவதைப் பற்றிய வழக்கு நெதர்லாந்தில் நடந்தது. ஒரு பாட்டி தம் பேரப்பிள்ளைகளின் படங்களை முகநூலிலும் வேறொரு தளத்திலும் ஏற்றியிருந்தார். பிள்ளைகளின் தாய் பலமுறை நீக்கச் சொல்லியும் கேட்கவில்லை. 2020 மே மாதம் கெல்டர்லாந்து நீதிமன்றம் அவற்றை நீக்கச் சொன்னது. தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ, அதிகம் போனால் 1,000 யூரோ வரையில் தண்டம் என்றும் விதித்தது. பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் மீது பாசம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டினால் அது குடும்ப விவகாரம். முகநூலில் போட்டால் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது என்பதே நீதிமன்றத்தின் கருத்து.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நியாயமான எல்லைக்கோடு தெரிகிறது. பழைய உறவின் சாதாரணப் படங்களை ஒருவர் தம் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். அவருடைய நினைவுகளை அழிக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால், நம் முகத்தைப் பொதுவில் தொங்கவிடுவதற்கு அன்று கொடுத்த இசைவு, "இவர் என் வருங்காலத் துணை" என்று சொல்லக்கூடிய நாள் வரைக்குமான இசைவு. அந்த நாள் முடிந்த பிறகும் படம் அங்கே தொங்கினால், அது உண்மையல்லாத ஒன்றை நாள்தோறும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெண் பார்க்க வரவிருந்த குடும்பம் தவறாக எண்ணியதற்கு யாரும் பொய் சொல்லத் தேவைப்படவில்லை, படமே சொல்லிவிட்டது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

வாசகர் சிலர் "காவல் துறையில் புகார் செய்யலாமே" என்று எண்ணக்கூடும். அந்தரங்கப் படமாக இருந்தால் அதுவே சரி. அந்நிலையில் மடல் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது; படத்தைக் காட்டி மிரட்டினாலும் அப்படித்தான். உடனே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அத்தகைய படங்கள் மேலும் பரவாமல் தடுக்க StopNCII.org என்னும் தளமும் உதவுகிறது.

ஆனால், பத்துமலைப் படம் அப்படியன்று. அந்த வகைப் படத்துக்கு மலேசியச் சட்டத்தில் நேரான வழி இல்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. ஒருவர் தம் சொந்தப் பக்கத்தில் படம் போடுவதை அது கட்டுப்படுத்தாது. நீதிமன்றத் தீர்ப்புகளும் ஒரே திசையில் செல்லவில்லை. மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் படம் நாளிதழ் விளம்பரத்தில் வந்த வழக்கில், 2004இல் வெளிவந்த தீர்ப்பு, அந்தரங்கத்தில் தலையிட்டதாகக் கூறி வழக்குத் தொடுக்க இடமில்லை என்றது. பிறகு, மருத்துவர் ஒருவர் நோயாளியின் இசைவின்றி அவருடைய உடலைப் படமெடுத்த வழக்கில், பினாங்கு உயர்நீதிமன்றம் 2010இல் அதற்கு இடமுண்டு என்றது. ஆனால், அந்த வழக்கின் கடுமை வேறு, நம் பெண்ணின் நிலை வேறு.

பதிப்புரிமை என்னும் வழி ஒன்று சில நேரம் கைகொடுக்கும். பொதுவாகப் படத்தின் உரிமை அதை எடுத்தவருக்கு. ஆகவே, அந்த இளைஞர் தம் கைப்பேசியில் எடுத்த தற்படத்தின் மீது இந்தப் பெண்ணுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால், காசு கொடுத்து ஒருவரை அமர்த்தி எடுக்கச் சொன்ன படம் என்றால், 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 26ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், உரிமை அமர்த்தியவருக்குச் செல்லும். நிச்சயதார்த்தப் படங்களுக்குக் கூலி கொடுத்தவர் பெண்ணின் அப்பா. எனவே, அந்தச் சில படங்களுக்கு மட்டும் அவர் முகநூல் நிறுவனத்திடம் பதிப்புரிமை முறையீடு செய்ய முடியும். படக்கடையோடு கையெழுத்திட்ட தாளில் வேறு விதமாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, சட்டம் ஊன்றுகோலாக வரலாம். அது நமக்காக நடக்காது. நடக்க வேண்டியது மடல்தான். அதனால்தான் அந்த மடலின் ஒவ்வொரு சொல்லும் கணக்கில் வருகிறது.

சொல்லில்தான் இருக்கிறது

இதை நான் தமிழாசிரியர் என்பதால் மட்டும் சொல்லவில்லை. முகநூல் நிறுவனமே இதைக் கண்டறிந்திருக்கிறது. ஏறத்தாழ 2011ஆம் ஆண்டில், அங்கே பொறியியல் இயக்குநராக இருந்த ஆர்தூரோ பெஹார் என்பவரின் குழு ஒன்றைக் கவனித்தது. ஆபாசம் என்றும் வன்முறை என்றும் பயனர்கள் முறையிட்ட படங்களில் மிகப் பல, வெறும் சாதாரணப் படங்களாக இருந்தன. தாங்கள் இருக்கும் படத்தை வேறொருவர் போட்டுவிட்டார், அது பிடிக்கவில்லை, அதற்குரிய கட்டம் இல்லாததால் ஏதோ ஒரு கட்டத்தில் குறியிட்டார்கள். நிறுவனம் என்ன செய்ய முடியும்? படம் விதியை மீறவில்லையே! நீக்க வேண்டியவர் அதைப் போட்டவர்தான். எனவே, அவருக்கே செய்தி அனுப்பும்படி ஒரு வெற்றுப் பெட்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். மிகச் சிலரே எழுதினார்கள். வெற்றுப் பெட்டியைக் கண்டதும் மக்களுக்குச் சொல் வரவில்லை. பிறகு, "இந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை, நீக்கிவிடு" என்னும் பொருளில் ஆயத்த வாசகத்தைப் பெட்டிக்குள் வைத்தார்கள். அனுப்பியவர் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. பெறுபவரின் பெயரைச் சேர்த்ததும் மேலும் கூடியது. ஒரு சொல்லை மாற்றினாலும் விளைவு மாறுவதைக் கண்டு, வாசகங்களை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள்.

அந்த வாசகங்கள் ஆங்கிலத்தின் பண்புக்கேற்பச் செதுக்கப்பட்டவை. நம் மொழியில் கதை வேறு. தமிழில் வாய் திறந்ததுமே "நீ"யா "நீங்கள்"ஆ என்று முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

மாணவியின் மடலுக்கு வருவோம். அவர் "நீ" என்று எழுதியிருந்தார். அவர்கள் பழகிய காலத்துச் சொல் அது; வேறு எப்படி அழைப்பது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆனால், அந்த ஒரு சொல் பழைய அறைக்கதவைத் திறந்துவிடுகிறது. கேட்பவரும் பழைய உரிமையோடு பதில் சொல்வார். சண்டை போட்டு, ஊடல் தீர்ந்து, மறுபடியும் பேசத் தொடங்கிய நாள்களின் மொழி அது. "நீங்கள்" என்று மாற்றச் சொன்னேன். "அவர் சிரிப்பாரே, டீச்சர்" என்றார். சிரிக்கட்டும். முதல் வரியிலேயே தூரம் அளந்து காட்டப்பட்டுவிடுகிறது அல்லவா?

அடுத்து, "நம்ம படம்". தன்மைப் பன்மையில் "நாம்" என்பது கேட்பவரையும் உள்ளடக்கும் என்று ஐந்தாம் ஆண்டிலேயே படித்துவிட்டு வந்தவர்தான் இதை எழுதினார்! "நம் படம்" என்று எழுதும்போது, அந்த "நாம்" இன்னும் இருக்கிறது என்று எழுதியவரே ஒப்புக்கொள்கிறார். "நானும் இடம்பெற்றுள்ள படங்கள்" என்று எழுதினால் அவருடைய உரிமை எதில் இருக்கிறதோ அதை மட்டும் சொல்கிறது: தம் முகம்.

மூன்றாவது, வினாக்கள். "எதுக்கு வெச்சிருக்க? தெரியுமா? மனசாட்சி இருக்கா?" வினா என்றால் விடை வரும். "நான் வேண்டுமென்று வைக்கவில்லை", "உனக்கு மட்டும்தான் அவமானமா?" என்று விடைகள் அணிவகுக்கும். நள்ளிரவு வரை விவாதம் நடக்கும். படங்கள் அங்கேயே இருக்கும். எனவே, இத்தகைய மடலில் கேள்விக்குறியே வரக்கூடாது என்று சொன்னேன். "நீக்க முடியுமா?" என்று பணிவாகக் கேட்பதும் கூடாது. அது "முடியாது" என்பதற்கு இடம் விடுகிறது.

நான்காவது, வினைமுற்று. "நீக்கவும்" என்றால் அறிவிப்புப் பலகையின் அதட்டல். "தயவு செய்து நீக்கிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்" என்றால் கெஞ்சல். கெஞ்சிக் கேட்பதைக் கொடுப்பது தருமமாகிவிடும், கடமையாகாது. "நீக்கிவிடுங்கள்" என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மரியாதை "உங்கள்" என்பதில் இருக்கிறது. உறுதி "விடு" என்னும் துணைவினையில் இருக்கிறது. செய்து முடித்துவிட வேண்டிய செயல் என்று அந்தத் துணைவினை சொல்லிவிடுகிறது. இதைவிட நல்ல உறுப்பு வேறு எந்த மொழியில் இருக்கிறது என்று நான் வியந்தது உண்மை.

கடைசியாக, "என்ன நடக்கும்னு பாரு". இது வெறும் மிரட்டல். என்ன நடக்கும் என்று எழுதியவருக்கே தெரியாது. படிப்பவருக்கும் அது தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நாளை இந்த மடலே ஒரு படமாகி இணையத்தில் ஏறினால், ஊரார் கண்ணில் மிரட்டியவர் இந்தப் பெண் ஆகிவிடுவார். பிறர் கையில் கிடைத்தாலும் நமக்குத் தலைகுனிவு வராத மடலைத்தான் அனுப்ப வேண்டும்.

மடலுக்கு முன் செய்ய வேண்டியவை

"படத்தையெல்லாம்" என்றாரே, எத்தனை படம் என்று கேட்டேன். "நிறைய" என்றார். எண்ணினோமா? இல்லை. எனவே, இருவரும் அமர்ந்து எண்ணினோம். அவருடைய கணக்கிலிருந்து பார்த்தால் நண்பர்களுக்கு மட்டும் தெரிவதும் தெரியும். எனவே, அந்த இளைஞரோடு தொடர்பே இல்லாத என் கணக்கிலிருந்து பார்த்தோம். ஊருக்குத் தெரிவது பதினொரு படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தனி இணைப்பு உண்டு. அவற்றை நகலெடுத்து, நாளைக் குறித்து, திரைப்படியும் எடுத்து வைத்தோம். படம் நீங்கிய பிறகு சான்று தேடினால் கிடைக்காது.

எண்ணியபோது ஒன்றைக் கண்டோம். அட்டைப் படத்தை மாற்றினாலும் பழைய அட்டைப் படம் அழிவதில்லை. அதற்கென உள்ள தொகுப்பில் அது தங்கிவிடுகிறது. சுயவிவரப் படமும் அப்படியே. "நான்தான் எப்போதோ மாற்றிவிட்டேனே" என்று அந்த இளைஞர் உண்மையாகவே நம்பலாம். படமோ ஒரு சொடுக்குத் தொலைவில் இருக்கும். பதினொன்றில் மூன்று இப்படிப்பட்டவை.

இன்னொன்று, தன் பெயர் இணைக்கப்பட்ட படங்களில் Remove tag என்பதை அழுத்தி அவரே பெயரை எடுத்துவிடலாம். அதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நான்கு படங்களில் அப்படிச் செய்தார். பெயர் போகும், படம் போகாது. ஆனால், அவர் பெயரைத் தேடுபவர் கண்ணில் அந்தப் படம் சட்டென்று விழாது. நம்மால் முடிந்ததை முதலில் செய்துவிட்டு மீதியைக் கேட்பது கேட்பவருக்கும் மரியாதை.

பிறகு எழுதினோம். இதுதான் அனுப்பிய மடல். அழைக்கும் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

"வணக்கம். உங்கள் முகநூல் பக்கத்தில் நானும் இடம்பெற்றுள்ள 11 படங்கள் எல்லாரும் பார்க்கும்படி உள்ளன. அவற்றின் இணைப்புகளைக் கீழே கொடுத்துள்ளேன். அவை பொதுவில் இருப்பதை நான் விரும்பவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவற்றை நீக்கிவிடுங்கள். அல்லது நீங்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிடுங்கள். நீங்கள் அவற்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. முடித்ததும் ஒரு வரி தெரிவியுங்கள். நன்றி."

காரணம் எழுதவில்லையே என்று அவர் கேட்டார். பெண் பார்க்க வரும் குடும்பத்தைப் பற்றி எழுதினால் அது பேச்சுக்குப் பொருளாகிவிடும். "விரும்பவில்லை" என்பதே போதுமான காரணம். அவமானம் என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். எதிரில் இருப்பவரைக் குற்றவாளியாக்கினால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் முயல்வார்.

"அல்லது நீங்கள் மட்டும் பார்க்கும்படி" என்ற தெரிவு இந்த மடலின் திறவுகோல் என்பேன். அழித்துவிடு என்றால் சிலருக்குக் கை வராது. அது அவர்களுடைய வாழ்க்கையிலும் ஒரு காலம் அல்லவா? மறைத்துவை என்றால் ஒப்புக்கொள்வார்கள். நமக்கு வேண்டியதும் அதுதானே! ஆனால், தற்போதைய அட்டைப் படத்துக்கு இது பொருந்தாது. அது எப்போதும் பொதுவில்தான் தெரியும். அதை மாற்றிவிட்டு, பழையதைத் தொகுப்பில் மறைக்க வேண்டும். இணைப்புகளுக்குக் கீழே இந்த ஒரு குறிப்பையும் சேர்த்தோம்.

எத்தனை முறை கேட்கலாம்?

ஒரு மடல். பதில் இல்லையென்றால், குறித்த நாள் கடந்தபின் ஒரு நினைவூட்டல். அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. 2023 மே 31 முதல், தண்டனைச் சட்டத் தொகுப்பின் 507ஏ பிரிவு பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஒருவருக்கு மன உளைச்சல் தரும் வகையில் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதும் அதில் அடங்கும். மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். முறையான ஒரு மடலும் ஒரு நினைவூட்டலும் அந்த வகையில் சேரா. ஆனால், நாள்தோறும் இருபது செய்தி அனுப்பினால், நியாயம் கேட்கப் போனவர் குற்றவாளிக் கூண்டை நெருங்கிவிடுவார். அவருடைய நண்பர்களுக்கும் மேலாளருக்கும் அனுப்புவதும், அவரைப் பற்றிப் பொதுவில் எழுதுவதும் அவ்வாறே. நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால், நிச்சயதார்த்தப் படங்களுக்கு அப்பாவின் பெயரில் பதிப்புரிமை முறையீடு. மற்றவற்றுக்கு வழக்குரைஞர் வழியே ஒரு மடல். அப்பா கைகட்டி நிற்பதற்குப் பதிலாகச் செய்யக்கூடிய வேலையும் அதுவே. வாசலில் போய் நிற்பதைவிட நிச்சயமாக மேலானது.

அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. மறுநாள் மாலையே பதில் வந்தது: "மன்னிக்கவும். அந்தப் பக்கத்தைத் திறந்தே வெகுநாள் ஆகிறது." ஒன்பது படங்கள் அன்றிரவே மறைந்தன. அந்த இணைப்புகளை என் கணக்கில் திறந்தபோது This content isn't available right now என்று வந்தது. அதுதான் அடையாளம், "நீக்கிவிட்டேன்" என்ற சொல்லை மட்டும் நம்பிவிடக்கூடாது. இரண்டு படங்கள் மிஞ்சின. அவற்றில் அவருடைய தாயாரும் இருக்கிறார். அந்த அம்மையார் கடந்த ஆண்டு காலமாகிவிட்டாராம். அவற்றைத் தம் உறவினர் மட்டும் பார்க்கும்படி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்.

மாணவி வெகுநேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மையார் இறந்த செய்தி அவருக்கு அன்றுதான் தெரியும். பிறகு, "சரி. உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்று மட்டும் எழுதி அனுப்பினார். நான் அதில் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை.

இதற்காகத்தான் முதல் மடல் அப்படி இருக்க வேண்டும் என்று வாதாடுகிறேன். "மனசாட்சி இருக்கா?" என்று கேட்டிருந்தால், தாயை இழந்த ஒருவரிடம் அதைக் கேட்டவராகியிருப்பார். எதிர்முனையில் இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. பெரும்பாலும் அங்கே இருப்பது வன்மம் இல்லை, வெறும் மறதி. உறுதியாகக் கேட்பதற்கு அவரைக் கெட்டவராக்கத் தேவையே இல்லை.

வேலை அத்தோடு முடிந்துவிடவில்லை. அந்த இளைஞரின் அத்தை ஒருவர் தம் பக்கத்தில் நிச்சயதார்த்தப் படம் ஒன்றைத் தனியே போட்டிருந்தார். ஒருவர் நீக்கினால் அவருடைய பக்கத்தில்தான் நீங்கும். மற்றவர் தனியாக ஏற்றியது அப்படியே இருக்கும். அவருக்கும் ஒரு மடல் எழுத வேண்டும். "அத்தை" என்று அழைப்பதா, "அம்மா" என்று அழைப்பதா என்று மாணவி என்னைக் கேட்டார். உறவு முறை போய்விட்டது; வயது போகவில்லை. "அம்மா" என்றே எழுதச் சொன்னேன்.

இந்த ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கடிதப் பாடம் எடுக்கும்போது, உறவுக் கடிதம், அலுவல் கடிதம் என்று இரண்டோடு நிறுத்தாமல் மூன்றாவதாக ஒன்றையும் சொல்லித்தரலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் அவர்களுக்கு முன்னாள் காதலர் இருக்கமாட்டார். ஆனால், தன் படத்தைக் கேட்காமல் போட்ட வகுப்புத் தோழன் கட்டாயம் இருப்பான். "நீக்கிவிடு" என்று சண்டையில்லாமல் எழுத அங்கேயே பழகிக்கொள்ளட்டும்.